கிராஸ்ஃபேட் நேரத்தைக் கூட்டினால் போஸ் துள்ளல் போகாது

கேமில் ஓட்டத்திலிருந்து உருளலுக்கு மாறும்போது கதாபாத்திரத்தின் கை வெடுக்கென்று துள்ளினால், பலரும் உடனே கிராஸ்ஃபேட் நேரத்தை 0.2 நொடியிலிருந்து 0.5-க்கு ஏற்றிவிடுகிறார்கள். துள்ளல் அப்படியேதான் இருக்கும், கண்ட்ரோல்தான் மந்தமாகும்.

கிராஸ்ஃபேட், இரண்டு அனிமேஷன்களையும் ஓடவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் நடுவே ஒரு போஸைப் பிடிக்கிறது. ஓர் எலும்பு இரண்டிலும் ஏறக்குறைய 180 டிகிரி விலகியிருந்தால், குறுகிய வழி இந்த ஃப்ரேமில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாக மாறலாம். அங்கேதான் கை தாவுகிறது. இடையில் குறுக்கீடு வந்தால் இன்னும் மோசம். ஓட்டத்தில் தோள் 80 டிகிரி, உருளலில் -40 என்று வையுங்கள். பாதி வழியில் திரையில் தெரிவது 20. அப்போது அடிவாங்கும் அனிமேஷன் தொடங்குகிறது. இரண்டு அனிமேஷன்களை மட்டுமே நினைவில் வைக்கும் அமைப்பு ஓட்டத்தைக் கைவிட்டு, உருளலின் -40-இலிருந்து கலக்க ஆரம்பிக்கும். ஒரே ஃப்ரேமில் 60 டிகிரி தாவல்!

2018 ஜிடிசி மாநாட்டில் கியர்ஸ் ஆஃப் வார் குழுவின் டேவிட் பொல்லோ விளக்கிய இனெர்ஷியலைசேஷன், பழைய அனிமேஷனை மாறும் கணத்திலேயே விட்டுவிடுகிறது. அடிவாங்கும் அனிமேஷனின் முதல் போஸில் தோள் 5 டிகிரி என்றால், திரையில் உள்ள 20-உடன் வித்தியாசம் 15. இதை ஒருமுறை மட்டும் அளந்து, புதிய அனிமேஷன்மேல் கூட்டி, படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் கரைக்கிறோம். சுழலும் அச்சும் அப்போதே நிலையாகிவிடுவதால் நடுவழியில் பக்கம் மாற வாய்ப்பே இல்லை.

இதைச் சொந்தமாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த அளவீட்டில்தான். வித்தியாசத்தைப் பழைய அனிமேஷனிலிருந்து எடுக்கக்கூடாது, கடைசியாகத் திரைக்குப் போன போஸிலிருந்தே எடுக்க வேண்டும். முந்தைய கரைப்பு முடியாமல் இருந்தால் அதன் மிச்சமும் அந்தப் போஸில்தான் இருக்கிறது. அப்புறம், ஒரு போஸ் போதாது. கடைசி இரண்டு ஃப்ரேம்களை வைத்து வேகத்தையும் கணக்கிட வேண்டும். வேகத்தை விட்டுவிட்டால் இடம் தாவாது, ஆனால் வீசிக்கொண்டிருந்த கை சுவரில் மோதியதுபோல் நிற்கும்.

வேகத்தைச் சேர்த்தால் வேறொரு சிக்கல் வரும். கை ஏற்கெனவே இலக்கை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தால், அதைத் தாண்டிப் போய்த் திரும்பும். `x0` வித்தியாசம், `v0` அது மாறும் வேகம், `t1` கரையும் நேரம். பொல்லோவின் ஐந்தாம் படிக் கோவையில், `x0`, `v0` இரண்டின் குறிகள் எதிரெதிராக இருக்கும்போது இப்படி வரம்பிடுவார்கள்:

```
t1 = min(t1, -5*x0/v0)
```

`x0` 30 டிகிரி, `v0` நொடிக்கு -900 என்றால், 0.3 நொடி கேட்டாலும் சுமார் 0.17 நொடியிலேயே கரைந்து முடியும்.

பாதத்தைத் தரையில் பொருத்தும் கால் ஐகே-வை இனெர்ஷியலைசேஷனுக்குப் பிறகே ஓடவிடுங்கள். முன்னால் வைத்தால், கரையும் வித்தியாசம் காலையும் இழுத்துச் சென்று, தரையில் பதிந்த பாதம் வழுக்கும்.