ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வேக்கம் ஏன், எவ்வளவு, எப்படி

"கேஸ் ஏத்தி ரெண்டே மாசம்தான் ஆச்சு, திரும்ப கூலிங் இல்ல"ன்னு சொல்றவங்க வீட்டு ஃப்ரிட்ஜ பார்த்தா பாதி நேரம் புதுசா லீக்கே இருக்காது. லீக்க ஒழுங்கா அடைச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் வேக்கம் போட்ட விதத்துலயும் கேஸ் அளந்த விதத்துலயும்தான் கோட்ட விட்டிருப்பாங்க. இப்போ வர்ற சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல பெரும்பாலும் ஆர்-600ஏ கேஸ்தான், அதனால அதையே வச்சு சொல்றேன். நம்ம உதாரணத்துல ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்க ஸ்டிக்கர்ல 45 கிராம்னு போட்டிருக்குன்னு வச்சுக்கோங்க, உங்க ஃப்ரிட்ஜ்ல என்ன போட்டிருக்கோ அதுதான் உங்க கணக்கு.

மொதல்ல ஒரு விஷயம், இந்த கேஸ் தீப்பிடிக்கும். கிட்டத்தட்ட நம்ம சமையல் சிலிண்டர்ல இருக்க கேஸோட சொந்தக்காரன். அதனால பழைய கேஸ ஹோஸ் போட்டு ஜன்னலுக்கு வெளிய விட்டுட்டு, ஒரு தடவ வேக்கம் போட்டு (பம்ப்ல இருந்து வர்ற காத்தும் வெளியதான் போகணும்), நைட்ரஜன் விட்டு கழுவின பிறகுதான் வெல்டிங் டார்ச்ச கையில எடுக்கணும், ஏன்னா கம்ப்ரஸர் ஆயில்ல கரைஞ்சிருக்க கேஸ் லைன திறந்த உடனே முழுசா வெளிய வந்துடாது.

வேக்கம் எதுக்கு?

லைன்ல காத்து இருக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதைவிட பெரிய தொல்லை ஈரம். லைன திறந்து வச்ச நேரத்துல உள்ள போன ஈரம் குழாயோட உள்சுவர்லயும் ஆயில்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அத உறிஞ்சி எடுக்க முடியாது, கொதிக்க வச்சு ஆவியாக்கித்தான் எடுக்கணும். அடுப்பு இல்லாம எப்படி கொதிக்கும்னா, அழுத்தம் குறைய குறைய தண்ணி கொதிக்கிற சூடும் குறையும். 30 டிகிரி இருக்க ரூம்ல அழுத்தத்த சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு கீழ கொண்டு போனா தண்ணி தானா கொதிச்சிடும். மைக்ரான் கணக்குல அது 32,000. நமக்கு வேண்டியது 500 மைக்ரான், அங்க போனாத்தான் மிச்சம் மீதி ஈரமும் வெளிய வரும்.

சாதா கேஜ் முள்ளு -30ல போய் நின்னுடுச்சுன்னு பம்ப்ப நிறுத்துறவங்க இங்கதான் ஏமாறுறாங்க. அந்த முள்ளுக்கு 500க்கும் 5,000க்கும் வித்தியாசம் தெரியாது, மைக்ரான் கேஜ்ல பார்த்தாத்தான் தெரியும். அதே மாதிரி ஃப்ரிட்ஜோட கம்ப்ரஸரையே ஓட விட்டு வேக்கம் எடுக்குறது வேக்கமே இல்ல, தெரிஞ்சவங்க வீட்ல அப்படி செஞ்சா தடுத்துடுங்க.

செய்யுற வரிசை

லீக் அடைச்சாச்சு, ஃபில்டர் புதுசு போட்டாச்சு (லைன திறந்தாலே ஃபில்டர் மாத்தணும், பழசு ஏற்கனவே ஈரத்த குடிச்சு நிறைஞ்சிருக்கும்). இப்போ ரெகுலேட்டர் வச்சு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தி எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை வச்சு பாருங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர மட்டும் தப்பித்தவறியும் மாட்டாதீங்க, ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும்.

நைட்ரஜன வெளிய விட்டுட்டு வேக்கம் பம்ப்ப மாட்டுங்க. கண்டென்சருக்கும் ஃப்ரீசருக்கும் நடுவுல இருக்க கேபிலரி குழாய் ரொம்ப சன்னம், அதனால கம்ப்ரஸர் சார்ஜிங் லைன்ல மட்டும் பம்ப் மாட்டினா கண்டென்சர் பக்கத்து ஈரம் அந்த சின்ன ஓட்ட வழியா மெதுவாத்தான் வரும். ஃபில்டர்ல இன்னொரு வாய் இருக்க மாடலா வாங்கிப் போட்டு ரெண்டு பக்கமும் இழுத்தா வேலை சீக்கிரம் முடியும். முடியலைன்னா கொஞ்ச நேரம் வேக்கம், நடுவுல காஞ்ச நைட்ரஜன், திரும்ப வேக்கம்னு மூணு சுத்து பண்ணுங்க.

500க்கு வந்ததும் வால்வ மூடி பம்ப்ப நிறுத்திட்டு கேஜையே பார்த்துக்கிட்டு இருங்க, எனக்கு இந்த வேலைல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான். கொஞ்சம் ஏறி அப்படியே நின்னா ஓகே. ரெண்டாயிரம் மூவாயிரம் வரைக்கும் ஏறி அங்கயே நின்னுச்சுன்னா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, பம்ப்ப திரும்ப போடுங்க. நிக்காம ஏறிக்கிட்டே போச்சுன்னா எங்கயோ லீக், கேஸ தொடவே தொடாதீங்க.

45ன்னா 45தான்

கேஸ் கேன தராசு மேல நேரா நிக்க வச்சு தராச சைபர் ஆக்குங்க. ஒரு கிராம் காட்டுற தராசு வேணும், காய்கறி தராசு ஆகாது. கேன தலைகீழா பிடிச்சா ஹோஸ்குள்ள கேஸ் திரவமா வந்து நிக்கும், ஒன்றரை மீட்டர் ஹோஸ் உள்விட்டம் 5 மில்லிமீட்டர்னா அதுல மட்டும் சுமார் 16 கிராம் தங்கிடும், நம்ம மொத்தமே 45தான். நேரா நிக்க வச்சா ஆவியா போகும், ஹோஸ்ல தங்குறது ஒரு கிராம் கூட வராது. கம்ப்ரஸர் ஓடாம இருக்கும்போது போறவரைக்கும் போகட்டும், அப்புறம் ஆன் பண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டு தராசு -45 காட்டுனதும் மூடிடுங்க.

தராசு இல்லாம "பேக் பிரஷர் 10 வந்தா போதும்"னு ஏத்துறது பழைய ஆர்-134ஏ ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்த பழக்கம். ஆர்-600ஏ-ல 10 பிஎஸ்ஐன்னா ஃப்ரீசருக்குள்ள கேஸ் கொதிக்கிறது சுமார் 2 டிகிரில, அதாவது ஐஸே கட்டாது. இந்த கேஸுக்கு -25 டிகிரி வேணும்னா ஓடும்போது அந்த பக்கம் அழுத்தம் வெளிக்காத்தவிட குறைவாத்தான் இருக்கணும், கேஜ்ல முள்ளு சைபருக்கு கீழ நிக்கும். அத பார்த்து "கேஸ் கம்மியா இருக்கு"ன்னு இன்னும் ஏத்துவாங்க பாருங்க, அங்கதான் ஓவர்சார்ஜ் ஆகுது.

அரைகுறையா செஞ்சா பின்னாடி என்ன வரும்

எங்க ஏரியால ஒரு அக்கா வீட்ல இப்படித்தான், வேற எங்கயோ கேஸ் ஏத்தின ஃப்ரிட்ஜ். காலைல நல்லா ஜில்லுன்னு இருக்கும், மதியத்துக்கு மேல பால் கெட்டுப்போகும், ஆஃப் பண்ணி ரெண்டு மணி நேரம் விட்டு போட்டா திரும்ப நல்லா ஓடும். "தெர்மோஸ்டாட்டா தம்பி?"ன்னு கேட்டாங்க. கூலிங் நின்ன நேரமா போய் ஃப்ரீசர்ல கேபிலரி வந்து சேர்ற இடத்துல வெந்நீர்ல முக்கின துணிய வச்சேன், கொஞ்ச நேரத்துல உஸ்ஸ்னு சத்தம் கேட்டுச்சு, கேஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஓட்டையோட வாயில ஈரம் உறைஞ்சு அடைச்சிருக்கு, வெறும் ஒரு சொட்டு போதும் அதுக்கு. மருந்து ஒண்ணுதான், கேஸ விட்டு, ஃபில்டர் மாத்தி, வேக்கம் முழுசா போட்டு திரும்ப 45.

காத்து மிச்சம் இருந்தா வேற மாதிரி, கண்டென்சர்ல போய் தேங்கி நிக்கும், பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு, கம்ப்ரஸர் ஓவர்லோட் அடிக்கடி கட் ஆகும். பழைய ஆர்-134ஏ ஃப்ரிட்ஜ்ல ஈரம் இன்னும் மோசம், அதோட ஆயில் ஈரத்தோட சேர்ந்து ஆசிடா மாறி மெதுவா வைண்டிங்க அரிச்சிடும், கம்ப்ரஸர் எரியும்போது யாரும் பழைய வேக்கத்த நினைக்க மாட்டாங்க.

கேஸ் கம்மின்னா ஃப்ரீசர்ல கேஸ் உள்ள வர்ற பக்கம் மட்டும் பனி பிடிக்கும், மீதி காஞ்சு கிடக்கும், தெர்மோஸ்டாட் கட் ஆகாது, கம்ப்ரஸர் ராத்திரி பகலா ஓடும். அதிகமா போனா கம்ப்ரஸருக்கு திரும்பி வர்ற குழாய் வேர்த்து ஒழுகும், சில சமயம் பனியே பிடிக்கும், திரவமா கேஸ் உள்ள போனா வால்வ் உடையும்.

கடைசியா சார்ஜிங் லைன பிஞ்ச் பண்ணி அடைச்சதும் நுரை டெஸ்ட ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு பண்ணுங்க. ஓடும்போது அந்த பக்கம் காத்த உள்ள இழுக்குமே தவிர வெளிய விடாது, லீக் இருந்தாலும் நுரை ஊதாது. எத்தன கிராம், எந்த தேதின்னு மார்க்கர்ல கம்ப்ரஸர் பக்கத்துல எழுதிடுங்க, அடுத்து வர்றவன் கேஜ் முள்ள பார்த்து ஏத்தாம இருப்பான்.