காண்டூர் மேப்ல இருந்து குறுக்குவெட்டு வரையுறது: ஓடைகிட்ட நான் சொதப்பினதும் சரி பண்ணினதும்

மேப்ல A-ல இருந்து B-க்கு ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டு வழியா நிலத்தை கத்தியால வெட்டினா பக்கவாட்டுல எப்படி தெரியும்னு வரையுறதுதான் வேலை. காண்டூர்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். ஒரே கோட்டுல இருக்கற எல்லா இடமும் ஒரே உயரம், அவ்ளோதான், அதுக்கு மேல விளக்கப் போறதில்ல.

நான் வச்சிருந்த மேப் 1:50,000, அதாவது மேப்ல 1 செமீ நிலத்துல 500 மீட்டர். காண்டூர் இடைவெளி 20 மீட்டர். என் A-B கோடு 12 செமீ, அப்ப நிலத்துல 6 கிமீ.

முதல்ல பேப்பர் துண்டு. ஸ்கேல் வச்சு ஒவ்வொரு காண்டூரும் எத்தனை செமீல வருதுன்னு அளந்து எழுதுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், முப்பது தடவை அளந்தா முப்பது சின்னச் சின்ன தப்பு வரும். ஓரம் நேரா இருக்கற ஒரு வெள்ளைப் பேப்பரை A-B கோட்டு மேல ஒட்டினாப்ல வச்சு, ரெண்டு முனையிலயும் மாஸ்கிங் டேப் போடுங்க. கையால புடிச்சுக்கலாம்னு நினைச்சா பாதியில நகர்ந்துடும், நகர்ந்தது உங்களுக்கே தெரியாது. 0.5 மெக்கானிக்கல் பென்சில்தான் என் சாய்ஸ், சாதா பென்சில் நாலு கோட்டுக்கு அப்புறம் மழுங்கிடுது, நெருக்கமா காண்டூர் இருக்கற இடத்துல அந்தத் தடிமனே ஒரு கோட்டை முழுங்கிடும்.

இப்ப A, B ரெண்டையும் குறிச்சுட்டு, காண்டூர் பேப்பர் ஓரத்தை தொடற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்னக் கோடு கிழிச்சு, கீழ உயரத்தை எழுதிட்டே போங்க. A-ங்கறது 240-க்கும் 260-க்கும் நடுவுல இருந்துச்சு, தோராயமா 250-ன்னு போட்டேன். அப்புறம் 0.8 செமீல 260, 1.5-ல 280, 2.0-ல 300, அப்புறம் நெருக்கமா ஏறி 3.0-ல 360. (இந்த செமீ எல்லாம் உங்களுக்குப் புரியறதுக்காக அப்புறமா அளந்தது.) அடுத்த கோடு 4.2-ல, அதுவும் 360. நடுவுல ஒரு குன்று உச்சி. அப்புறம் இறங்கி 5.5-ல 320, 6.3-ல 300, 7.0-ல 280.

இங்கதான் நான் விழுந்தேன். அடுத்த கோடு 7.7-ல வருது, நான் இறங்குற ஜோர்ல அதுக்கு 260-ன்னு எழுதிட்டேன், அடுத்ததுக்கு 240, 220-ன்னு இறங்கிட்டே போய் B-கிட்ட 100 மீட்டர்ல நிக்கிறேன். மேப்ல B இருக்கறதோ ஒரு மேட்டு மேல! நடுவுல 7.4 செமீல ஒரு நீலக் கோடு, ஓடை, ஓடிட்டு இருந்ததை நான் கண்டுக்கவே இல்ல. ஓடையைத் தாண்டினா நிலம் திரும்ப ஏறும், அப்ப 7.7-ல வர்றதும் அதே 280 தான். ஒரே நம்பர் ரெண்டு தடவை அடுத்தடுத்து வரலாம், உச்சியிலயும் வரும் பள்ளத்துலயும் வரும், இது மண்டையில ஏற எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

இதைப் புடிக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. இந்த மாதிரி மேப்ல ஒவ்வொரு அஞ்சாவது காண்டூரும் தடிமனா இருக்கும், 20 மீட்டர் இடைவெளின்னா தடிச்ச கோடு எல்லாம் 100, 200, 300, 400 தான். 8.2 செமீல இருந்தது தடிச்ச கோடு, நான் அதுக்கு 240-ன்னு எழுதியிருந்தேன். தடிச்ச கோடு 240 ஆக முடியாதே! அதனால நம்பர் எழுதறதுக்கு முன்னாடி தடிச்ச கோடுகளை மட்டும் முதல்ல குறிச்சு, அதோட உயரத்தை மேப்ல அச்சுல இருக்கற நம்பரைப் பார்த்து எழுதிடுங்க, மத்ததை அதுக்கு நடுவுல நிரப்புங்க. ஏறுதா இறங்குதான்னு சந்தேகம் வந்தா ஓடைகிட்ட காண்டூர் V மாதிரி மடங்கறதைப் பாருங்க, அந்த V-யோட கூர்முனை தண்ணி வர்ற பக்கம், அதாவது மேட்டுப் பக்கம் காட்டும்.

சரி, ரெண்டு 280-க்கும் நடுவுல ஓடை எவ்ளோ ஆழம்? ரெண்டு புள்ளியையும் தட்டையா சேர்த்துடாதீங்க. 280-க்கு கீழ, 260-க்கு மேல, அது நிச்சயம். ஏன்னா 260-க்கு போயிருந்தா 260 கோடும் நம்ம கோட்டை வெட்டியிருக்கும். இன்னும் நெருங்கணும்னா ஓடை வழியாவே மேப்ல நடந்து பாருங்க. என் மேப்ல ஓடையோட மேல்பக்கம் 0.6 செமீ போனா 280 காண்டூர் ஓடையை தாண்டுது, கீழ்பக்கம் 1.4 செமீ போனா 260 தாண்டுது. மொத்தம் 2 செமீக்கு 20 மீட்டர், அப்ப 260-ல இருந்து 1.4 செமீ மேல வந்தா 14 மீட்டர், ஓடை நம்ம கோட்டுல 274. குன்று உச்சிக்கும் இதே நியாயம், 360-க்கு மேல, 380-க்கு கீழ. பக்கத்துல 372-ன்னு ஒரு புள்ளி உயரம் போட்டிருந்துச்சு, ஆனா அது என் கோட்டு மேல இல்ல, தள்ளி இருந்துச்சு, அதனால 372-ஐ அப்படியே எடுக்காம 367 மாதிரி வச்சேன்.

இனி கிராஃப் பேப்பர். பேப்பர் துண்டை கீழ் அச்சோட ஒட்டி வச்சு, ஒவ்வொரு குறியில இருந்தும் நேரா மேல போய் அதோட உயரத்துல புள்ளி வைங்க. என் உயரம் 250-ல இருந்து 400 சொச்சம் வரைக்கும்ங்கறதால அச்சை 200-ல ஆரம்பிச்சேன். அப்புறம் ஸ்கேல் எடுக்காம கையாலயே மென்மையா சேருங்க, ஸ்கேல் வச்சு சேர்த்தா ரம்பப் பல்லு மாதிரி ஆயிடும்.

உயர அளவு எவ்ளோ வைக்கிறது? கிடைக்கு உள்ள அதே அளவுல வச்சா மொத்த ஏற்ற இறக்கமும் அரை செமீக்குள்ள அடங்கிடும், ஒண்ணுமே தெரியாது. நான் 1 செமீக்கு 100 மீட்டர் வச்சேன், 500-ஐ 100-ஆல வகுத்தா 5, அதாவது உயரம் அஞ்சு மடங்கு இழுத்துக் காட்டப்பட்டிருக்கு. இதை படத்துக்கு கீழ கண்டிப்பா எழுதுங்க. என் மேப்ல 300-ல இருந்து 360 வரைக்கும் 500 மீட்டர்ல ஏறுது, அது உண்மையில சுமார் 7 டிகிரி சரிவு, படத்துலயோ 31 டிகிரி மாதிரி நிக்குது. பத்து மடங்கு வச்சா 50 டிகிரி, பாக்கறவன் மலையேற கயிறு தேடுவான். படத்துல கோணமானி வச்சு சரிவை அளக்காதீங்க, உயரத்தையும் தூரத்தையும் வச்சு கணக்குப் போடுங்க.

அப்டேட்: ஒருத்தர் தன்னோட கோடு ஒரு காண்டூரை வெட்டாம சும்மா தொட்டுட்டு திரும்புது, அதை எத்தனை தடவை குறிக்கிறதுன்னு கேட்டிருந்தார். ஒரு தடவைதான். நிலம் அந்த உயரம் வரைக்கும் வந்துட்டு வந்த பக்கமே திரும்புது, அதனால அடுத்த கோட்டுக்கு வந்த போக்குலயே நம்பரை ஏத்திட்டோ இறக்கிட்டோ போகக் கூடாது, தொடறதுக்கு முன்னாடி வெட்டின அதே காண்டூர் உயரம்தான் திரும்ப வரும்.

இன்னொரு அப்டேட்: மேப்பை பிரிண்ட் எடுத்து செஞ்சவங்களுக்கு தூரம் தப்பா வந்திருக்கு. பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி பிரிண்டர் சுருக்கிட்டா 1:50,000-ங்கற நம்பர் பொய்யாயிடும், ஆனா மேப் கீழ வரைஞ்சிருக்கற பார் ஸ்கேலும் கூடவே சுருங்கும், அதனால 1 கிமீ எத்தனை செமீன்னு அதுல இருந்து எடுத்துக்கங்க. அஞ்சு மடங்குங்கற கணக்கையும் அந்தப் புது அளவை வச்சே திரும்பப் போடணும்.