சீயக்காயும் கண் எரிச்சலும்: யாங்கோன் வீடுகளில் செய்யும் தவறுகள்

சித்திரை பிறக்கும் வாரத்தில் யாங்கோனில் எல்லார் வீட்டிலும் தலைமுழுக்குதான். தண்ணீர்த் திருவிழா முடிந்து வரும் பர்மியப் புத்தாண்டன்று பெரியவர்களின் தலையைத் தயோ கின்பூன் தண்ணீரால் கழுவிவிடுவது இந்த ஊர் வழக்கம். கின்பூன் நம் சீயக்காய்தான். தயோ என்பது ஊறவைத்தால் வழுவழுப்பு விடும் ஒரு மரப்பட்டை. நம் வீடுகளில் அந்தப் பட்டைக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டையும் நெல்லி வற்றலும் சேர்கின்றன. கண் எரிச்சலும் பெரும்பாலும் அங்கேதான் கூடுகிறது.

முதல் தவறு, பொடியைக் குழைத்து அப்படியே தலையில் அப்புவது. சீயக்காய்த் தோல் எவ்வளவு அரைத்தாலும் முழுக்கக் கரையாது, நாரும் தூளுமாகவே நிற்கும். அலசும்போது அந்தத் தூள் நெற்றி வழியே இறங்கிக் கண்ணுக்குள் போகிறது. அதோடு கண்ணைக் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். குளித்து நெடுநேரம் ஆன பிறகும் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் தூளோ கீறலோதான் காரணம். முடி காய்ந்த பிறகு சீப்பில் பழுப்புத் தூள் உதிர்வதும் இதனால்தான். பொடியை விட்டுவிட்டுக் காயை ஊறவைத்து வேகவைத்து வடிகட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது தவறு, நுரைக்கு ஆசைப்படுவது. ஷாம்பு போட்டுப் பழகியவர்களுக்குச் சீயக்காயின் மெல்லிய நுரை போதவில்லை என்று தோன்றும். உடனே ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டையை அள்ளிப் போடுகிறார்கள். நுரை பொங்கும், உண்மைதான். கூடவே எரிச்சலும் கூடும், முடியும் வைக்கோலாக வறண்டு போகும்.

இடுப்பு வரை முடி, முந்தின நாள் வைத்த நல்லெண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சீயக்காய், மூன்றே மூன்று பூந்திக்கொட்டை, ஒரு சிறு கைப்பிடி நெல்லி வற்றல், 1 லிட்டர் தண்ணீர் போதும். பூந்திக்கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள். நுரை தருவது மேல்தோல் மட்டுமே. எல்லாவற்றையும் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பெரிய பாத்திரத்தில் சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். சின்னப் பாத்திரம் என்றால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் நெல்லியைக் கொதிக்கவைத்தால் தண்ணீர் மைபோல் கறுத்துத் துண்டெல்லாம் கறையாகும். ஆறியதும் கையால் பிசைந்து மல் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். இரண்டாவது வடிகட்டலைச் சோம்பலில் விடுபவர்கள்தான் அதிகம். வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தூள் மிதந்தால் இன்னொரு முறை வடிக்க வேண்டும்.

எவ்வளவு வடிகட்டினாலும் ஓரளவு எரியத்தான் செய்யும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சாபோனின் என்ற பொருள்தான் எண்ணெயைப் பிரித்தெடுத்து முடியைச் சுத்தமாக்குகிறது. கண்ணீரின் மேல்பரப்பிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. சாபோனின் அதையும் குலைத்து, கருவிழியின் மேல்தோல் செல்களையும் தாக்குகிறது. சீயக்காயிலும் நெல்லியிலும் உள்ள புளிப்பு அதற்குத் துணை போகிறது. குழந்தைகளின் ஷாம்பு எரியாததற்குக் காரணம், அதில் கண்ணைத் தாக்காத மென்மையான நுரைப்பொருட்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதுதான். இயற்கைப் பொருள் என்பதால் கண்ணுக்குக் கெடுதல் வராது என்ற எண்ணம் வேண்டாம்.

அடுத்தது ஊற்றும் விதம். குனிந்து ஊற்றினால் எல்லாம் முகத்துக்கே வரும். நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றி ஓரத்தில் சுருட்டிய துண்டைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து பின்பக்கமாக ஊற்ற வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள். மீறிக் கண்ணில் பட்டால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விட்டுக் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் விட வேண்டாம்.

தெய்ஞ்சி மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் கின்பூன் தண்ணீர் அவசரத்துக்கு நல்லதுதான், தயோப் பட்டையால் முடியும் சிக்காது. ஆனால் பை உப்பியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். இந்த ஊர் வெயிலில் அது ஒரு நாளிலேயே கெட்டுவிடும். வீட்டில் மிஞ்சியதையும் ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

புத்தாண்டில் தாத்தா பாட்டிக்குத் தலைகழுவிவிடப் போகிறவர்கள், அண்மையில் கண்புரை ஆபரேஷன் நடந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நடந்திருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை தலைக்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது. மற்ற யாருக்கும், கழுவிய பிறகும் சிவப்போ மங்கலோ வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சமோ இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.