கியூப் எடை காட்டிக்கொடுத்த கசிவு

எம்25 கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்த்த கியூப்கள் ஏழாம் நாளில் சதுர மி.மீ.க்கு 13 நியூட்டனைத் தாண்டவில்லை. 16 அல்லது 17 வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். தண்ணீர் கூடிவிட்டதென்று முதலில் லாரிக்காரர் மீதுதான் சந்தேகம்.

கூம்பைத் தூக்கியதும் ஈரக் கான்கிரீட் எவ்வளவு தாழ்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் அளவும் ஒருமுறை 90, மறுமுறை 140 மி.மீ. என்று தாவியது. ஒரு பக்கமாகச் சரிந்து விழும் குவியலையும் ஆட்கள் அளந்துகொண்டிருந்தார்கள். அப்படிச் சரிந்தால் அந்த அளவு செல்லாது. தகட்டை மட்டம் பார்த்து வைத்து, கூம்பின் உட்புறத்தை நனைத்து, காலால் அழுத்திப் பிடித்து, நேர்மேலே தூக்கச் சொன்னேன். லாரிக்கு லாரி 100க்குப் பக்கத்திலேயே நின்றது. தண்ணீர்மீது குற்றமில்லை. சிமெண்டை மாற்றியும் பலனில்லை.

பிறகுதான் கியூப்களைத் தராசில் ஏற்றினோம். 150 மி.மீ. கியூப் பொதுவாக 8.1 கிலோவாவது இருக்கும், எங்களுடையவை 7.7. உடைந்தவற்றில் எல்லாம் ஒரே கீழ் விளிம்பு, கடலைமிட்டாய் போல ஜல்லி தெரிய நொறுங்கியிருந்தது. அச்சுகளுக்கு அடியில் சாம்பல் நிறக் கோடாகச் சிமெண்ட் பால் காய்ந்து கிடந்தது. அடித்தகட்டு போல்ட்டுகள் தளர்ந்து, பால் முழுவதும் கசிந்திருக்கிறது.

மூட்டுகளில் கிரீஸ் தடவி போல்ட்டுகளை முறுக்கினோம். கான்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்குக் கம்பியால் 35 குத்து. ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் ஒரு நாள், பிறகு தொட்டித் தண்ணீரில். அடுத்த கியூப்கள் 8.2 கிலோ, 18 நியூட்டன். லாரிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.