மாம்பழம் மலிந்தால் என்ன நடக்கிறது? பதிலீட்டு விளைவையும் வருமான விளைவையும் வரைபடத்தில் பிரிக்கும் முறை

விலை குறைந்தால் அதிகம் வாங்குகிறோம். அதில் எவ்வளவு "மற்றதைவிட இது மலிவாகிவிட்டது" என்பதால், எவ்வளவு "கையிலுள்ள பணம் கூடுதலாக வாங்குகிறது" என்பதால் என்று பிரிப்பதுதான் இந்தக் கணக்கு. சமநோக்கு வளைகோடு, வரவுசெலவுக் கோடு இரண்டும் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாடநூல்களில் படம் இருக்கும், எண்கள் இருக்காது. எண் இல்லாத படத்தில் கோட்டை எங்கே வரைந்தாலும் சரிபோலத் தோன்றும். அதனால் எண்களோடு செய்வோம்.

கோடைக்காலம். ஒருவர் மாம்பழத்துக்கும் கரும்புச்சாற்றுக்கும் மட்டும் 720 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். மாம்பழம் கிலோ 90 ரூபாய், சாறு ஒரு கோப்பை 20 ரூபாய். வரத்து கூடி மாம்பழம் 40 ரூபாய்க்கு இறங்குகிறது. சாற்றின் விலை மாறவில்லை. அவருடைய திருப்தியை "கிலோ × கோப்பை" என்ற பெருக்குத்தொகையால் அளப்போம். பெருக்குத்தொகை சமமாக வரும் கலவைகள் எல்லாம் ஒரே சமநோக்கு வளைகோட்டில் இருக்கும்.

தேவையானவை: வரைபடத்தாள், கூரான பென்சில், அளவுகோல், 45 பாகை மூலைமட்டம். கணினியில் வரைய ஜியோஜீப்ரா நன்றாக இருக்கும், ஆனால் முதல் முறை கையால் வரையுங்கள். மூலைமட்டத்தை நகர்த்தும்போது கிடைக்கும் புரிதல் சுட்டியை இழுக்கும்போது கிடைப்பதில்லை.

படி 1: அச்சுகளும் பழைய கோடும். கிடை அச்சில் மாம்பழம், 1 செ.மீ. = 2 கிலோ. செங்குத்து அச்சில் சாறு, 1 செ.மீ. = 4 கோப்பை. பணம் முழுவதையும் மாம்பழத்தில் போட்டால் 8 கிலோ, சாற்றில் போட்டால் 36 கோப்பை. இரண்டையும் இணையுங்கள். இந்தக் கோட்டில் பெருக்குத்தொகை மிக அதிகமாக இருப்பது 4 கிலோ, 18 கோப்பையில். அந்த இடத்துக்கு அ என்று பெயரிடுங்கள்.

படி 2: பழைய வளைகோடு. 4 × 18 = 72. ஆகவே (3, 24), (4, 18), (6, 12), (9, 8), (12, 6) ஆகிய புள்ளிகளைக் குறித்து மென்மையாக இணையுங்கள். அ புள்ளியில் இது கோட்டைத் தொட்டுவிட்டு விலக வேண்டும். இரண்டு இடத்தில் வெட்டினால் புள்ளிகளை மறுபடி பாருங்கள்.

படி 3: புதிய கோடு. செங்குத்து அச்சில் அதே 36; கிடை அச்சில் 720 ÷ 40 = 18 கிலோ. கோடு மேல் முனையில் நின்றபடி வெளிப்புறமாகச் சுழல்கிறது. நாம் எடுத்த அளவுத்திட்டத்தில் இது சரியாக 45 பாகையில் விழும். மூலைமட்டம் கேட்டது இதற்குத்தான். புதிய சமநிலை 9 கிலோ, 18 கோப்பை. இது இ புள்ளி. அதன் வழியாகப் பெருக்குத்தொகை 162 உள்ள இரண்டாவது வளைகோட்டை வரையுங்கள். இரண்டு வளைகோடுகளும் எங்கும் வெட்டிக்கொள்ளக்கூடாது.

மொத்த விலை விளைவு 4 கிலோவிலிருந்து 9 கிலோ, அதாவது 5 கிலோ. இதைத்தான் பிரிக்க வேண்டும்.

படி 4: ஈடுகட்டும் கோடு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் போவோம். ஹிக்ஸ் முறையில் நாம் கேட்பது இது: விலை 40 ஆகவே இருக்கட்டும், ஆனால் அவர் முன்பைவிட அதிகத் திருப்தி அடையாதபடி அவரிடமிருந்து பணத்தை எடுத்துவிட்டால், என்ன வாங்குவார்?

கேள்வியிலேயே இரண்டு நிபந்தனைகள் உள்ளன. விலை புதியது, எனவே கோட்டின் சாய்வு புதிய கோட்டின் சாய்வு. திருப்தி பழையது, எனவே கோடு பழைய வளைகோட்டைத் தொட வேண்டும். "சாய்வு புதிது, வளைகோடு பழையது" என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூலைமட்டத்தைப் புதிய கோட்டோடு ஒட்டி வைத்து, சாய்வு மாறாமல் ஆதிப்புள்ளியை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். பழைய வளைகோட்டை விட்டு விலகுவதற்குச் சற்று முன், ஒரே இடத்தில் மட்டும் தொடும் நிலையில் நிறுத்திப் புள்ளிக்கோடு போடுங்கள். தொடும் இடம் 6 கிலோ, 12 கோப்பை, இது ஆ. கோடு அச்சுகளை 12 கிலோவிலும் 24 கோப்பையிலும் சந்திக்கும். இந்தக் கலவையின் செலவு 240 + 240 = 480 ரூபாய். ஆக, 240 ரூபாயை எடுத்துவிட்டாலும் அவர் பழைய திருப்தியிலேயே இருக்கிறார்.

பலர் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: பழைய கோட்டுக்கு இணையாக வரைந்து புதிய வளைகோட்டைத் தொடவிடுகிறார்கள். அந்தக் கோடும் 6 கிலோவில்தான் தொடும், ஆனால் 27 கோப்பையோடு. 6 என்ற எண்ணைப் பார்த்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது வேறொரு கேள்விக்கு விடை: விலை குறையாமலேயே அதே புதிய திருப்தியைத் தர எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கு. அதில் 4-லிருந்து 6 வருமான விளைவாகவும், 6-லிருந்து 9 பதிலீட்டு விளைவாகவும் மாறி விழும். கிலோவை மட்டும் பார்க்காமல் ஆ புள்ளியின் கோப்பையையும் பாருங்கள். 12 இல்லையென்றால் கோடு தவறு.

படி 5: அளந்து எழுதுவது. மூன்று புள்ளிகளிலிருந்தும் கிடை அச்சுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். அ முதல் ஆ வரை, 4-லிருந்து 6: பதிலீட்டு விளைவு 2 கிலோ. ஆ முதல் இ வரை, 6-லிருந்து 9: வருமான விளைவு 3 கிலோ. இரண்டும் ஒரே திசையில் போவதால் மாம்பழம் இங்கே இயல்புப் பண்டம். இ புள்ளி ஆ-வுக்கு இடப்பக்கம் விழுந்திருந்தால் அது தாழ்வுப் பண்டம்.

இப்போது சாற்றைப் பாருங்கள். முன்பும் 18 கோப்பை, பின்பும் 18. கடைக்காரர் கணக்கேட்டில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் படத்தில் 18 முதலில் 12 ஆகிறது, பிறகு 18-க்கே திரும்புகிறது. மாம்பழம் மலிவானதால் 6 கோப்பையை விட்டுக்கொடுத்தார். வாங்கும் சக்தி கூடியதால் அதே 6 கோப்பையைத் திரும்ப வாங்கினார். இரண்டும் சரியாகச் சமமானது நாம் எடுத்த பெருக்குத்தொகைச் சார்பின் குணம். வேறு விருப்பம் உள்ளவரிடம் மிச்சம் இருக்கும்.

கணினியில் சரிபார்க்க இவற்றைத் தட்டச்சு செய்தால் போதும்:

```
x*y = 72
x*y = 162
90x + 20y = 720
40x + 20y = 720
40x + 20y = 480
```

பின்சேர்க்கை: "என் ஆசிரியர் புள்ளிக்கோட்டை அ வழியாகவே வரைந்தார், விடை வேறாக வருகிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது ஸ்லட்ஸ்கி முறை. ஹிக்ஸுக்கு முன்பே, 1915-இல் வெளிவந்தது. அங்கே பழைய திருப்திக்குப் பதிலாகப் பழைய கலவையை வாங்கப் போதுமான பணத்தை விட்டுவைக்கிறோம். 4 கிலோவுக்கு 160, 18 கோப்பைக்கு 360, ஆக 520 ரூபாய். அதைக் கொண்டு அவர் 6.5 கிலோவும் 13 கோப்பையும் வாங்குவார். பதிலீட்டு விளைவு 2.5, வருமான விளைவு 2.5. பெருக்குத்தொகை 84.5 என்பதால் அவர் 72-ஐவிடச் சற்று மேலான திருப்தியில் இருக்கிறார். 480-க்கும் 520-க்கும் இடையிலுள்ள 40 ரூபாய் அதற்கானது. கடையின் விலைப்பட்டியல் மட்டும் இருந்து மனிதரின் விருப்பம் தெரியாதபோது ஸ்லட்ஸ்கிதான் கைகொடுப்பார். தேர்வில் முறையைக் குறிப்பிடாவிட்டால் நான் ஹிக்ஸையே வரைவேன், முறையின் பெயரைப் படத்தின் கீழே எழுதிவிட்டு.