பவர் பேங்க் கரோசல்: ஸ்லைடுகள் சறுக்கும் இடங்கள்

போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பவர் பேங்குக்கான இன்ஸ்டாகிராம் கரோசல், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் படத்தொடரின் வரைவு சமீபத்தில் என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. ஒன்பது ஸ்லைடுகள். முதலாவதில் லோகோவும் ‘புதிய அறிமுகம்’ என்ற வரியும். இரண்டாவதில் ‘10,000 எம்ஏஎச்’. மூன்றாவதில் ‘15 வாட் வயர்லெஸ்’. அப்புறம் எல்இடி விளக்கு, அலுமினிய உடல், நிறங்கள், எடை, எந்தெந்தப் போனுக்குப் பொருந்தும் என்ற பட்டியல், கடைசியில் ‘இன்றே வாங்குங்கள்’. படங்கள் அழகுதான். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தைக் கத்தரித்து ஒன்பது துண்டாக்கியது போல இருந்தது. பெட்டியைத் திருப்பிப் படிப்பவர் வாங்கலாமா என்று யோசிப்பவர். ஃபீடைத் தள்ளிக்கொண்டு போகிறவர் அப்படி இல்லை.

முதல் ஸ்லைடிலேயே தவறு தொடங்குகிறது. லோகோவைப் பார்த்து யாரும் விரலை நிறுத்துவதில்லை. நான் அங்கே வைக்கச் சொன்னது ஒரே ஒரு காட்சி: ஒரு கையில் போன், அதன் முதுகில் பவர் பேங்க், தொங்கும் வயர் எதுவும் இல்லை. மேலே ‘சார்ஜ் ஏறும்போதும் ஒரு கையில் பேசலாம்’ என்ற வரி. பொருளின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும்.

இரண்டாவது ஸ்லைடை முதலாவதின் தொடர்ச்சி என்று நினைத்து எழுதுவது அடுத்த தவறு, அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான். முதல் முறை ஸ்வைப் செய்யாமல் கடந்து போனவருக்கு அதே பதிவை இன்ஸ்டாகிராம் மறுபடி காட்டும்போது, சில நேரம் இரண்டாவது ஸ்லைடிலிருந்தே காட்டும். ஆகவே ‘அது மட்டுமா?’ என்று தொடங்கும் இரண்டாவது ஸ்லைடு, முன்கதை தெரியாதவர் முன்னால் போய் நிற்கும். தனியாக எடுத்துப் பார்த்தாலும் என்ன பொருள், எதற்கு என்று புரிய வேண்டும். சோதிப்பது எளிது: அந்த ஸ்லைடை மட்டும் நண்பருக்கு அனுப்பி, ‘இது என்ன?’ என்று கேளுங்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். அந்த வரைவில் ‘10,000 எம்ஏஎச்’ என்பதன் கீழே ‘உங்கள் போனை 2 முறை முழுதாகச் சார்ஜ் செய்யும்’ என்று எழுதியிருந்தார்கள். 10,000-ஐப் போன் பேட்டரியின் 5,000-ஆல் வகுத்த கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. கமெண்டில் யாராவது ஒருவர் அதைப் பிடித்துவிடுவார்.

பெட்டியில் போடும் 10,000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் அளவு, அதுவும் சுமார் 3.7 வோல்ட்டில். இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-மணி. 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-மணி. இதுவரை இரண்டு முறை என்றே தோன்றும். ஆனால் செல்லின் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சுற்றில் கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. கம்பி வழியாக ஏற்றினால் நூற்றுக்கு 85 போல கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை முறைக்குச் சற்று மேல். காந்தத்தில் ஒட்டி, கம்பியில்லாமல் ஏற்றினால் இழப்பு இன்னும் கூடும். 60 என்று வைத்தால் ஒரு முறைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த விழுக்காடுகள் பொருளுக்குப் பொருள் மாறும். ஆகவே தயாரிப்பாளரிடம் சோதனைக் கணக்கு கேட்டு வாங்க வேண்டும். பொருளின் மேலேயே ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 10,000-ஐவிடக் குறைவான ஓர் எண் அச்சிட்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த ஸ்லைடுக்கு நாங்கள் கடைசியாக வைத்த வரி: ‘ஒட்டி வைத்தால் ஒரு முழு சார்ஜ். கேபிளில் ஒன்றரை.’ கீழே சின்ன எழுத்தில் ‘10,000 எம்ஏஎச் செல், 5,000 எம்ஏஎச் போனில்’. எண்ணும் அதற்கான பொருளும் ஒரே ஸ்லைடில் வந்துவிட்டன. எண்ணை ஒரு ஸ்லைடிலும் விளக்கத்தை அடுத்ததிலும் பிரித்து வைத்தால், பாதியில் நிறுத்துகிறவர் வெறும் எண்ணோடு போய்விடுவார். 15 வாட்டுக்கும் இதே கதிதான். அந்த வேகம் பொருந்தும் போனில் மட்டுமே கிடைக்கும், சூடானால் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ‘15 வாட் வரை’ என்று எழுதுங்கள். ‘வரை’யை வெட்டிவிட்டால் அது பொய்.

பொருத்தப் பட்டியலை எட்டாவது ஸ்லைடில் புதைத்திருந்தார்கள். இது கம்பி ஹெட்போன் என்றால் பரவாயில்லை. காந்தத்தை நம்பிய பொருளுக்கு ‘என் போனில் ஒட்டுமா?’ என்பதே முதல் கேள்வி. ஐபோன் 12 முதல் பெரும்பாலான மாடல்களில் உள்ளேயே காந்த வளையம் உண்டு. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இல்லை, வளையம் வைத்த கேஸ் தேவைப்படும். ஐபோனிலும் தடித்த சாதாரண கேஸ் போட்டால் பிடி தளர்ந்துவிடும். இவ்வளவையும் மூன்றாவது ஸ்லைடுக்கு இழுத்தோம். பட்டியலாக அல்ல, மூன்று படங்களாக: காந்த வளையம் உள்ள வெறும் போன், காந்த கேஸ், தடித்த கேஸ். முதல் இரண்டுக்கும் டிக், மூன்றாவதுக்குக் குறுக்குக் கோடு. ‘ஒட்டாது’ என்று எழுதத் தயாரிப்புத் தரப்பு தயங்கியது. எழுதாவிட்டால் அதே வாக்கியம் திருப்பி அனுப்பும் பார்சலோடு வரும் என்று சொன்னேன்.

எழுத்தின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடிவமைப்பாளர் பெரிய மானிட்டரில் 1080-க்கு 1350 பிக்சல் பரப்பில் வேலை செய்கிறார். பார்ப்பவரின் திரை அகலமோ ஏழு சென்டிமீட்டர்தான். 28 பிக்சல் எழுத்து அங்கே இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆங்கிலமாவது தப்பிக்கும், தமிழில் ‘ணி’க்கும் ‘ணீ’க்கும் வித்தியாசம் தெரியாது. 45-க்குக் கீழே போகாமல் இருப்பது என் வழக்கம். சுயவிவரப் பக்கத்துக் கட்டங்களில் படம் 3:4 ஆக வெட்டப்படுவதால், முதல் ஸ்லைடில் இரு ஓரமும் 34 பிக்சல் அளவுக்குப் போகும். விளிம்பை ஒட்டித் தலைப்பு வைத்தால் முதல் எழுத்து காணாமல் போகும்.

அலுமினியம், எல்இடி, எடை மூன்றும் கடைசியில் ஒரே ஸ்லைடில் அடங்கின. நிறங்களும் கேமரா மேட்டில் பவர் பேங்க் இடிக்காது என்று காட்டும் பக்கவாட்டுப் படமும் ஆளுக்கொரு ஸ்லைடு. ஏழாவதில் ‘வாங்குங்கள்’ என்று கத்தாமல், ‘உங்கள் போன் மாடலைக் கமெண்டில் போடுங்கள், ஒட்டுமா என்று சொல்கிறோம்’ என்று வைத்தோம்.

பதிவிடும் முன் எல்லா ஸ்லைடுகளையும் போனிலேயே வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். கேப்ஷனைப் பிறகும் திருத்தலாம். ஸ்லைடு ஒன்றை நீக்கவும் முடியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்துப்பிழையை அங்கே போய்த் திருத்த வழியில்லை. பிழை இரண்டாவது ஸ்லைடில் என்றால், நீக்கியதும் மூன்றாவது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வரிசையில் அது ‘ஒட்டுமா?’ ஸ்லைடு. நல்லவேளை, அதுவும் தனியாக நிற்கும்படியே எழுதியிருந்தோம்.