பித்தப்பை அறுவை ஒப்புதல் படிவம்: ஒரு வரியைத் திருத்திய அனுபவம்

குன்னூரில் ஒரு மருத்துவமனைக்காக, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தேன். என்னை நிறுத்தியது இந்த வரி: "பித்தநாளம் சேதமடைந்து உயிருக்கே பேராபத்து நேரலாம்."

ஆங்கில மூலம் சொன்னது வேறு. எத்தனை பேருக்கு என்பதும், அப்புறம் என்ன செய்வார்கள் என்பதும் தமிழில் விடுபட்டிருந்தன. மூலத்தில் இல்லாத பயம் மட்டும் சேர்ந்திருந்தது. இப்படி மாற்றினேன்:

"கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாயில் காயம் படலாம். இந்த அறுவை செய்துகொள்ளும் 1000 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஆகிறது. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை தேவைப்படலாம்."

துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டிவருவது 100 பேரில் 5 பேருக்கு என்று அடுத்த வரி சொன்னது. படிப்பவர் 3, 5 என்பதை மட்டும் ஒப்பிட்டுவிடுவார். சர்ஜனிடம் ஒப்புதல் வாங்கி, அதை 1000 பேரில் 50 என்று ஆக்கினேன்.

பிறகு, கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம் படித்துக் காட்டி, "உங்க வார்த்தையில சொல்லுங்கக்கா" என்றேன்.

"குழாயில காயம் பட்டா திரும்ப ஆபரேஷன். அது ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. வயித்தத் திறக்குறது அதவிட நெறைய பேருக்கு நடக்கும். சரி தம்பி, திறந்தா எப்ப வேலைக்குப் போகலாம்?"

அது மூலத்திலேயே இல்லை. மொழிபெயர்ப்பில் நானாகச் சேர்க்கவும் கூடாது. கேள்வியைச் சர்ஜனுக்கு எழுதி அனுப்பினேன். அவர் தந்த பதில் இரண்டு மொழிப் படிவங்களிலும் ஏறியது.